ஜெனரேட்டரில் ஓடும் ஒலி அமைப்பில் உறுமல் இல்லாமல் மின்சாரம் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மைதானத்தில் ஜெனரேட்டரைப் போட்டு மைக்செட் ஓட்டும்போது ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் வந்தால், எல்லோரும் முதலில் ஜெனரேட்டரைத்தான் திட்டுவார்கள். நானும் பல வருடம் திட்டியிருக்கிறேன். வாடகைக்கு இன்னொன்றைக் கொண்டுவந்து மாட்டுவோம். அதிலும் அதே உறுமல் வரும். பெரும்பாலும் ஜெனரேட்டருக்கும் உறுமலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மின்சாரத்தை நாம் பிரித்துக் கொடுத்த விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

இதை எடுத்துக்காட்டோடு சொல்வதற்காக ஒரு சிறிய அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட இரண்டு ஸ்பீக்கர்கள், அதேபோன்ற இரண்டு சப்வூஃபர்கள், பார்வையாளர்களுக்கு நடுவே ஒரு மிக்சர், மேடையில் கீபோர்டும் ஐந்தாறு மைக்குகளும், பாட்டுப் போட ஒரு லேப்டாப். ஊர்த் திருவிழாவில் ஒரு பட்டிமன்றத்துக்கோ பாட்டுக் கச்சேரிக்கோ இது போதும்.

## 1. எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை

ஸ்பீக்கருக்கு மின்சாரம் மட்டும் கொடுங்கள். மிக்சரிலிருந்து வரும் சிக்னல் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்பீக்கர் அமைதியாக இருக்கிறதா?

அமைதியாக இருந்தால் ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தால் அந்த ஸ்பீக்கருக்குத் தொல்லை இல்லை என்று பொருள். இன்றைய கருவிகள் உள்ளே வரும் 230 வோல்ட்டை முதலில் டி.சி.யாக மாற்றிவிட்டுத்தான் பயன்படுத்துகின்றன. அலை வடிவம் சற்றுக் கோணலாக இருந்தாலும் அது ஒலியாக வெளியே வருவது அரிது. கேபிளை மாட்டியதும் உறுமல் தொடங்குகிறது என்றால் கருவிகளுக்கு இடையே ஏதோ ஒரு மின்னோட்டம் ஆடியோ கேபிளின் உலோக உறை வழியாக ஓடுகிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த மின்னோட்டத்தைத் தடுப்பது பற்றியதுதான்.

காதையும் பழக்குங்கள். அடித்தொண்டையில் வரும் மென்மையான உறுமல் 50 ஹெர்ட்ஸ்; கருவிகளின் எர்த் இணைப்புகளும் ஆடியோ கேபிளின் உறையும் சேர்ந்து மின்னோட்டம் சுற்றும் பாதையாகிவிட்ட எர்த் வளையத்தின் அடையாளம். கொசு கூட்டமாக ரீங்கரிப்பது போன்ற கரகர ஓசை வந்தால் விளக்கு டிம்மர், சார்ஜர் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் கலந்தும் வரும்.

## 2. கிளம்பும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், மூன்று கம்பி கொண்ட கனமான கேபிள், சுமை மிஞ்சினால் விழும் எம்.சி.பி.யும் கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்திய ஒரு விநியோகப் பலகை, கீபோர்டு போன்றவற்றை மிக்சரோடு இணைக்கும் இரண்டு டி.ஐ. பாக்ஸ்கள், ஸ்டீரியோ ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று. இவ்வளவும் ஒரு பெட்டியில் அடங்கும்.

அதைவிட முக்கியமான வேலை, வீட்டிலேயே ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சோதிப்பது. மின்சாரத்தில் மாட்டாமல், மீட்டரை ஒலியெழுப்பும் நிலையில் வைத்து, பிளக்கின் பெரிய எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். நான் சோதித்த பழைய பாக்ஸ்களில் எர்த் கம்பி இல்லாமல் இரண்டு கம்பி மட்டுமே ஓடியவை கணிசம். வெளியே மூன்று துளை இருக்கும். உள்ளே ஒன்று வெறும் துளை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கருவிகளுக்குள் இரைச்சலை வடிகட்டச் சிறு கண்டென்சர்கள் உண்டு. அவை ஃபேஸ் கம்பியிலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தைக் கருவியின் உலோக உடலுக்குக் கசியவிடும். எர்த் கம்பி இருந்தால் கசிவு அதன் வழியாகப் போய்விடும். இல்லாவிட்டால் உடல் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும்; கசிவு ஆடியோ கேபிளின் உறையில் ஏறி அடுத்த கருவிக்குப் போகும். நமக்கு அது உறுமலாகக் கேட்கிறது. மைக்கில் உதடு பட்ட பாடகருக்குச் ‘சுரீர்’ என்கிறது.

## 3. சுமைக் கணக்கும் ஜெனரேட்டர் தேர்வும்

ஸ்பீக்கரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1000 வாட், 2000 வாட் எண்களைக் கூட்டாதீர்கள். அவை ஒரு கணம் வந்து போகும் உச்சத்தின் எண்கள். கருவியின் கையேட்டில் எட்டில் ஒரு பங்கு திறனில் எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்று கொடுத்திருந்தால் அதை எடுங்கள். இசையின் சராசரிச் சுமை ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1.2 ஆம்பியர், சப்வூஃபர் ஒன்றுக்கு 2 ஆம்பியர், மிக்சரும் மற்றவையும் சேர்ந்து அரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 7 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1600 வி.ஏ. சப்வூஃபரின் ஒவ்வொரு அடியிலும் இது சட்டென்று ஏறி இறங்கும். எனவே தொடர்ந்து தரக்கூடிய அளவு 3 கே.வி.ஏ. உள்ள ஜெனரேட்டரை எடுப்பேன். தகட்டில் ‘அதிகபட்சம்’ என்றும் ‘தொடர்ச்சி’ என்றும் இரண்டு அளவுகள் இருக்கும். விற்பவர் முதலாவதைச் சொல்வார், நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் வகை கிடைத்தால் நல்லது. அலை தூய்மையாக இருக்கும், எஞ்சின் வேகம் மாறினாலும் 50 ஹெர்ட்ஸ் மாறாது. ஆனால் எரிபொருளை மிச்சப்படுத்தும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அது போட்டிருந்தால் சுமை குறைந்த நேரத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும். திடீரென்று அடிக்கும் பேஸ் ஒலிக்கு அது வேகம் பிடிப்பதற்குள் வோல்டேஜ் தொய்ந்துவிடும். சாதாரண வகை என்றாலும் பயப்பட வேண்டாம். அதில் சுமை இல்லாதபோது 52 ஹெர்ட்ஸும் சுமை ஏறினால் 50-க்கு அருகிலும் காட்டுவது இயல்பு.

## 4. நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓர் இடத்தில்

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனுடனும் இணைக்கப்படாமல் மிதக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். தொடர்பு இருந்தால் உள்ளேயே இணைத்திருக்கிறார்கள். நீங்கள் இன்னொன்று இணைக்கக் கூடாது. தொடர்பு இல்லையென்றால் மிதக்கிறது.

மிதக்கும் ஜெனரேட்டரில் ஆர்.சி.சி.பி. வெறும் அலங்காரம். ஒருவர் உடல் வழியாகக் கசியும் மின்னோட்டம் ஜெனரேட்டருக்குத் திரும்ப வேறு பாதை வேண்டும், அப்போதுதான் ஆர்.சி.சி.பி. வேறுபாட்டை உணர்ந்து அறுக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது ஒழுங்காக விழும். அந்தப் பொத்தான் தன் உள்ளேயே ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரு மின்தடையால் இணைக்கிறது. எர்த் அதற்குத் தேவையே இல்லை. ஆகவே பொத்தான் வேலை செய்வதை வைத்து எர்த் சரியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

தீர்வு, விநியோகப் பலகையில் ஆர்.சி.சி.பி.க்கு முன்பாக நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே ஓர் இடத்தில் இணைப்பது. ஜெனரேட்டரின் கையேடு இதை அனுமதிக்கிறதா என்று பார்த்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஜெனரேட்டரின் சட்டத்தை ஈர மண்ணில் அடித்த எர்த் கம்பியோடும் அவரே இணைத்துத் தரட்டும்.

அந்தக் கம்பி பாதுகாப்புக்கு. உறுமலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. கச்சேரி நடுவில் உறுமல் வந்தால் ஒருவர் ஓடிப்போய்க் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவதை எத்தனையோ ஊர்களில் பார்த்துவிட்டேன். வளையம் கருவிகளுக்கு இடையே இருக்கிறது. மண்ணுக்குத் தண்ணீர் விட்டு என்ன பயன்?

இணைத்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாக் கருவிகளும் ஓடும்போது, தொலைவில் இருக்கும் பாக்ஸில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கவும். ஓரிரு வோல்ட் காட்டினால் சரி. நியூட்ரல் கம்பியில் இழக்கப்படும் வோல்டேஜ் அது. நூற்றுக்கு மேல் காட்டினால் நியூட்ரல் இன்னும் மிதக்கிறது, அல்லது எர்த் அறுந்திருக்கிறது. முழுச் சுமையிலும் துல்லியமாகச் சுழியம் காட்டினால் மகிழ வேண்டாம்: வழியில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் இரண்டாவது முறை இணைந்திருக்கின்றன. சுமை மின்னோட்டத்தில் ஒரு பகுதி எர்த் கம்பியில் ஓடுகிறது, அப்படியும் ஆர்.சி.சி.பி. விழவில்லை என்றால் அதையும் சந்தேகியுங்கள். உறுமலுக்கு இதைவிடச் சிறந்த விதை இல்லை.

## 5. ஒரே பலகையிலிருந்து எல்லாக் கருவிக்கும்

ஜெனரேட்டரை மேடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, காற்றோட்டமான வெளியில் வையுங்கள். சத்தத்துக்காக மட்டும் இல்லை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பந்தலுக்குள்ளோ ஒப்பனை அறையை ஒட்டியோ வைக்கவே கூடாது.

அந்த 30 மீட்டருக்கு எந்தக் கேபிள்? 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் போக வர 60 மீட்டரில் சுமார் 8 வோல்ட் இழப்பு. 2.5 என்றால் 5 வோல்ட், 4 என்றால் 3 வோல்ட். எட்டு வோல்ட் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஏறி இறங்கும்போது மிக்சருக்கு வரும் மின்சாரமும் கூடவே ஆடும். நான் 4 சதுர மில்லிமீட்டர் எடுக்கிறேன். சுருளில் சுற்றியபடி ஓட்டாமல் முழுவதையும் பிரித்துவிடுங்கள். சுற்றியிருந்தால் சூடேறி உறை உருகும்.

மேடையருகே விநியோகப் பலகையை வைத்து, அங்கிருந்து நட்சத்திரம் போலப் பிரியுங்கள்: இடது ஸ்பீக்கர்கள், வலது ஸ்பீக்கர்கள், மேடைக் கருவிகள், மிக்சர் மேசை. ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாக நீட்டாதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாக மீறப்படும் விதி இதுதான்: மிக்சர் மேசைக்கும் இதே பலகையிலிருந்துதான் மின்சாரம் போக வேண்டும். மிக்சர் 25 மீட்டர் தள்ளி இருக்கும், அதன் பக்கத்துச் சுவரில் ஒரு சாக்கெட் கண் சிமிட்டும். அதில் மாட்டினால் மிக்சரின் எர்த் அந்தக் கட்டிடத்தினுடையது, ஸ்பீக்கரின் எர்த் ஜெனரேட்டருடையது. இரண்டுக்கும் இடையேயுள்ள வோல்டேஜ் வித்தியாசம் உங்கள் ஆடியோ கேபிளின் உறை வழியாகச் சமன் செய்துகொள்ளும்.

மிக்சருக்கான மின் கேபிளும் ஆடியோ கேபிளும் ஒரே பாதையில் போகலாம், ஆனால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

## 6. விளக்குகளைப் பிரிப்பது

விளக்குக்காரருக்குத் தனி ஜெனரேட்டர் இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் இரண்டாவது சாக்கெட்டிலிருந்து அவருக்குத் தனிக் கேபிள் கொடுங்கள். ஒலிப் பலகையிலிருந்து ஒரு சீரியல் பல்புகூட வேண்டாம். டிம்மர் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டுகிறது. அந்த வெட்டு பொதுக் கேபிளில் ஓடினால் மிக்சருக்கும் அது வந்து சேரும்.

தனி ஜெனரேட்டர் இருந்தாலும் ஒலிக்கும் விளக்குக்கும் இடையே உலோகத் தொடர்பு இருக்கக் கூடாது. ஸ்பீக்கரும் விளக்கும் ஒரே இரும்புச் சட்டத்தில் தொங்கினால் வளையம் மறுபடி பிறக்கும்.

## 7. சிக்னல் பாதையில் தனிமைப்படுத்துதல்

மிக்சருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒலியை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பி இரைச்சலைக் கழித்துவிடும் எக்ஸ்.எல்.ஆர். பேலன்ஸ்டு கேபிள் இருந்தால் அங்கே பெரும்பாலும் தொல்லை இல்லை. தொல்லை தருபவை பேலன்ஸ்டு அல்லாத இணைப்புகள்: லேப்டாப், கீபோர்டு, வீடியோக்காரரின் கேமராவுக்குப் போகும் கம்பி.

லேப்டாப்புக்கு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். ஒலி காந்தப் புலமாக மாறித் தாண்டிப் போகும்; உறைக்கு உறை உலோகத் தொடர்பு இருக்காது. சார்ஜரின் கரகர ஓசை அங்கேயே நின்றுவிடும். கீபோர்டுக்கு டி.ஐ. பாக்ஸ், அதிலுள்ள எர்த் துண்டிப்புச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அது சிக்னல் உறையை மட்டும் துண்டிக்கிறது, மின் பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை. அதனால் அது பாதுகாப்பானது.

பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ, இரண்டு பின் அடாப்டர் போடுவதோ வேறு கதை. உறுமல் நிற்கும் என்பது உண்மை. ஆம்ப்ளிஃபயரில் ஒரு பழுது வந்தால் 230 வோல்ட் மிக்சர் வழியாக மைக்குக்கு வரும் என்பதும் உண்மை. என் குழுவில் எர்த் பின் இல்லாத பிளக்கைக் கண்டால் அங்கேயே வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.

## 8. மின் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரும் யு.பி.எஸ்.ஸும் எப்போது

பலர் முதலில் வாங்குவது இதைத்தான். நான் கடைசியில் வைத்திருக்கிறேன். 1:1 விகிதத்தில் சுற்றிய, இடையே கவசம் உள்ள டிரான்ஸ்பார்மர், விளக்கும் ஒலியும் ஒரே ஜெனரேட்டரைப் பகிரும்போது கேபிளில் ஏறிவரும் உயர் அதிர்வெண் கரகரப்பைக் குறைக்கும். எர்த் வளையத்தை அது அறுக்காது. கோணலான அலையை நேராக்காது. தொய்ந்த வோல்டேஜை உயர்த்தாது.

போடுவதாக இருந்தால் மிக்சர் மேசைக்கு மட்டும் 500 வி.ஏ. அளவில் போதும். முழு அமைப்புக்கும் பெரியதாகப் போட்டால் சுவிட்ச் போட்ட கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டமே சிறிய ஜெனரேட்டரை விழவைக்கும். அதன் வெளியீடு மறுபடியும் மிதக்கும் மூலம் என்பதால் எர்த் கம்பியைத் தொடர்ந்து கொண்டுபோவதையும் நியூட்ரலை அதனுடன் இணைப்பதையும் மின்பணியாளரிடம் விடுங்கள்.

டிஜிட்டல் மிக்சர் என்றால் ஆன்லைன் வகை யு.பி.எஸ். பயனுள்ளது. எரிபொருள் தீர்ந்து எஞ்சின் தடுமாறும் அந்தச் சில நொடிகளில் மிக்சர் மறுதொடக்கம் ஆகாமல் காக்கும். கணினிக்கு வாங்கும் மலிவான யு.பி.எஸ். வேண்டாம், பேட்டரிக்கு மாறியதும் சதுர அலை தந்து புதிய ரீங்காரத்தைக் கொடுக்கும்.

## 9. இயக்கும் வரிசை

எஞ்சினைச் சுமையில்லாமல் தொடங்கி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மீட்டரில் 220 முதல் 240 வோல்ட்டுக்குள் நிலையாக நிற்கிறதா என்று பார்த்தபின் பலகையின் பிரேக்கரைப் போடுங்கள். பிறகு மேடைக் கருவிகள், மிக்சர், கடைசியாக ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக. அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில், எஞ்சின் கடைசியில். பெட்ரோல் தானாகத் தீர்ந்து நிற்கும்வரை விடாதீர்கள். நிற்பதற்கு முன் வோல்டேஜ் தாறுமாறாக ஆடும். இடைவேளையில் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு நிரப்புங்கள்.

## 10. உறுமல் வந்துவிட்டால்: ஒரு மாலை நடந்தது

ஒரு பள்ளி மைதானத்தில் ஆண்டு விழா. எங்கள் கையில் கிட்டத்தட்ட மேலே சொன்ன அமைப்புதான். மாலை ஐந்து மணிக்கு எல்லாம் மாட்டி முடித்ததும் கனமான உறுமல். அதன் மேல் கரகரப்பும்.

முதலில் மிக்சரின் மாஸ்டர் ஃபேடரை இறக்கினேன். கரகரப்பு போனது, உறுமல் அப்படியே இருந்தது. ஃபேடரை இறக்கியும் போகாதது மிக்சருக்குப் பிறகு வருவது. இறக்கினால் போவது மிக்சருக்குள் நுழைவது. ஆக இரண்டு வேறு கோளாறுகள்.

உறுமலுக்காக ஸ்பீக்கரின் எக்ஸ்.எல்.ஆர். கேபிளைக் கழற்றினேன்; அமைதி. மாட்டினேன், உறுமல். மிக்சரின் மின் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போனால் அது ஆசிரியர் அறையின் சாக்கெட்டில் முடிந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், “பக்கத்திலேயே இருந்துச்சு அண்ணே, எதுக்கு அவ்வளவு தூரம் கேபிள் இழுக்கணும்னு நினைச்சேன்” என்றான். அவனைத் திட்டவில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பலகையிலிருந்து கேபிள் இழுத்து மாற்றியதும் உறுமல் நின்றது.

கரகரப்புக்காகச் சேனல்களை ஒவ்வொன்றாக ஒலியடக்கினோம். லேப்டாப் சேனலில் நின்றது. சார்ஜரைப் பிடுங்கியதும் ஓசை போனது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை இடையில் போட்டு, சார்ஜரை மறுபடி மாட்டினோம், சுத்தமாக இருந்தது.

ஏழு மணிக்கு நடனப் பாட்டு தொடங்கியபோது மூன்றாவது தொல்லை: ஒவ்வொரு பேஸ் அடிக்கும் மிக்சர் மேசையின் சிறு விளக்கு மங்கியது. எஞ்சினின் குரலும் கூடவே ஏறி இறங்கியது. பையனை அனுப்பினேன். எரிபொருள் மிச்சப்படுத்தும் சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது, அணைத்துவிட்டு வந்தான். திரும்பி வந்தவன் மீட்டரை எடுத்து, யாரும் சொல்லாமலே மேசைப் பாக்ஸில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தான். “ஒன்று புள்ளி எட்டு, அண்ணே.”